மூலையில் 4 வந்துவிட்டது; அந்த நான்கு எழுத்து எவை?

கேம்பஸ் தேர்விலோ நிறுவன நேர்முகத்திலோ மிக நீண்ட பொதுத் துணைவரிசை, அதாவது எல்சிஎஸ், கேட்டால் பலரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். அட்டவணை போடுவார்கள், மளமளவென்று நிரப்புவார்கள், கடைசிக் கட்டத்தில் விழுந்த எண்ணுக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு மார்க்கரை மூடிவிடுவார்கள். எதிரே இருப்பவர் விடமாட்டார். "நீளம் 4, சரி. அந்த நான்கு எழுத்து எவை?" என்பார். தடுமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதில் பயிற்சித் தளங்களுக்கும் பங்கு உண்டு. லீட்கோடின் 1143-ஆம் கணக்கு நீளத்தை மட்டுமே கேட்கிறது. அதையே போட்டுப் பழகியவருக்கு நிரப்பும் பாதி கைவந்துவிடும், திரும்பி நடக்கும் பாதி வராது. ஆகவே இந்தக் கட்டுரையில் நிரப்புவதைச் சற்று வேகமாக முடித்துக்கொண்டு, திரும்பி நடப்பதில் நிதானமாக நிற்கப் போகிறோம். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நல்லது.

இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம்: MUDRA, MADURAI. துணைவரிசை என்பது ஒரு சொல்லில் சில எழுத்துகளை அடித்துவிட்டு, மிச்சத்தை இருந்த வரிசையிலேயே படிப்பது. அடித்த இடங்களில் இடைவெளி விழலாம், வரிசை மட்டும் மாறக் கூடாது. இரண்டு சொல்லிலிருந்தும் இப்படிக் கிடைக்கக்கூடியவற்றில் மிக நீளமானது எது என்பதே கேள்வி. இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து வர வேண்டும் என்றால் அது துணைச்சரம், வேறு கணக்கு. எது கேட்கப்படுகிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு பத்து நிமிடம் எழுதியபின் திருத்துவது சங்கடம்.

MUDRA-வை இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும், MADURAI-யை மேலே இடமிருந்து வலமாகவும் எழுதுங்கள். சொற்களுக்கு முன்னால் ஒரு நிரையும் ஒரு நிரலும் கூடுதலாக விட்டு, இரண்டையும் சுழியத்தால் நிரப்புங்கள். ஒன்றுமில்லாத சொல்லுக்கும் எந்தச் சொல்லுக்கும் பொதுவானது ஒன்றுமில்லை என்பதே அந்தச் சுழியங்களின் பொருள்.

ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்னக் கேள்விக்கு விடை. மூன்றாம் நிரை, நான்காம் நிரல் என்றால் D-யும் U-வும் சந்திக்கும் இடம். அங்கே நிற்கும் எண், MUD என்ற முதல் மூன்று எழுத்துக்கும் MADU என்ற முதல் நான்கு எழுத்துக்கும் உரிய எல்சிஎஸ் நீளம். இந்தப் பொருள் மனத்தில் இருந்தால் விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். சந்திக்கும் இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால், அவற்றை ஒரு ஜோடியாக்கிவிடலாம். இரண்டுக்கும் முன்னால் இருந்த பகுதிகளின் விடை மேல்-இடது மூலையில் இருக்கிறது, அதனோடு ஒன்று கூட்ட வேண்டும். வெவ்வேறாக இருந்தால் அவை இரண்டும் ஒன்றோடொன்று ஜோடி சேர முடியாது. அதனால் ஏதோ ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். நிரையின் எழுத்தைக் கைவிட்டால் விடை மேலே இருக்கிறது, நிரலின் எழுத்தைக் கைவிட்டால் இடப்பக்கம் இருக்கிறது. இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்வோம்.

நிரை நிரையாக நிரப்பினால் இப்படி வரும்:

```
        M  A  D  U  R  A  I
     0  0  0  0  0  0  0  0
M    0  1  1  1  1  1  1  1
U    0  1  1  1  2  2  2  2
D    0  1  1  2  2  2  2  2
R    0  1  1  2  2  3  3  3
A    0  1  2  2  2  3  4  4
```

முதல் நிரையில் M-உம் M-உம் பொருந்தி 1 விழுகிறது. அதற்குப் பிறகு வேறு M இல்லாததால் அந்த 1 அப்படியே வலப்பக்கம் ஓடுகிறது. இரண்டாம் நிரையின் U நான்காம் நிரலில்தான் தன் ஜோடியைக் கண்டுபிடிக்கிறது. கடைசி நிரையின் A-வைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு MADURAI-யில் இரண்டு இடத்தில் ஜோடி இருக்கிறது. இரண்டாம் நிரலில் பொருந்தும்போது மூலையில் 1 இருப்பதால் 2 வருகிறது. ஆறாம் நிரலில் பொருந்தும்போது மூலையில் 3 இருப்பதால் 4 வருகிறது. ஒரே எழுத்துதான், ஆனால் தாமதமாகப் பொருந்துவதே லாபம். கண்ணில் பட்ட முதல் ஜோடியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இந்தக் கணக்கில் உதவாததற்கு இந்த ஒரு கட்டமே சாட்சி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எழுத்து பொருந்தினால் மூலைக் கட்டத்தோடு ஒன்று கூட்ட வேண்டும் என்பதை மறந்து, மேலே-இடப்பக்கம் இரண்டில் பெரியதோடு ஒன்று கூட்டுபவர்கள் நிறையப் பேர். விசேஷம் என்னவென்றால், மேலே உள்ள அட்டவணையில் அப்படித் தப்பாகச் செய்தாலும் விடை மாறாது! பொருந்தும் ஆறு கட்டங்களையும் சரிபார்த்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மேல், இடம், மூலை மூன்றும் ஒரே எண்தான். ஆகவே ஒரு உதாரணம் சரியாக வந்துவிட்டது என்பதற்காக விதி சரி என்று நம்பிவிடாதீர்கள். AA, A என்ற இரண்டே சொல்லில் சோதித்தால் குட்டு உடையும். சரியான விடை 1. தப்பான விதி 2 என்று சொல்லும். ஒரே எழுத்துள்ள சொல்லுக்குள்ளிருந்து இரண்டு எழுத்தை எடுக்க முடியாதே. நிரையில் வரும் ஒரு எழுத்து ஏற்கெனவே செலவான ஜோடியை மறுபடி செலவழிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மூலைக் கட்டத்தின் வேலை.

நிரப்பி முடித்ததும் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். எந்த நிரையிலும் வலப்பக்கம் போகப் போக எண் குறையாது, எந்த நிரலிலும் கீழே போகப் போகக் குறையாது. பக்கத்துக் கட்டங்களுக்குள் வித்தியாசம் ஒன்றைத் தாண்டாது. கடைசி எண் சின்னச் சொல்லின் நீளத்தைத் தாண்டாது. இதில் ஏதாவது ஒன்று உடைந்தாலும் அட்டவணையில் தவறு இருக்கிறது. திரும்பி நடக்க ஆரம்பிக்கும் முன்பே திருத்திவிடுவது நல்லது.

இப்போது திரும்பி நடக்கலாம். கீழ்-வலது மூலையில், A நிரையும் I நிரலும் சந்திக்கும் 4-இல் நிற்கிறோம். ஒவ்வொரு அடியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த எண் இங்கே எங்கிருந்து வந்தது? A-யும் I-யும் ஒன்றல்ல. மேலே 3, இடப்பக்கம் 4. நம் கையில் இருப்பது 4, எனவே அது இடப்பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இடப்பக்கம் நகர்கிறோம், எழுத்து எதுவும் எடுப்பதில்லை. இப்போது A-யும் A-யும். பொருந்துகிறது. A-வைக் குறித்துக்கொண்டு மூலைக்குப் போகிறோம். அங்கே R-உம் R-உம். R-ஐக் குறித்துக்கொண்டு மறுபடி மூலைக்கு. வந்து சேர்ந்த இடம் D நிரை, U நிரல்.

இந்தக் கட்டத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. எண் 2. மேலே 2, இடப்பக்கமும் 2. எழுத்துகள் பொருந்தவில்லை. எங்கே போவது?

கட்டத்தின் பொருளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: MUD, MADU இரண்டுக்கும் பொதுவானது. ஒரு சொல்லில் U முன்னால், D பின்னால். இன்னொன்றில் D முன்னால், U பின்னால். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. MU வேண்டுமா, MD வேண்டுமா என்பதைத்தான் அந்தச் சமநிலை நம்மிடம் கேட்கிறது. இரண்டுமே சரியான விடைதான்.

மேலே போனால் U-வும் U-வும் பொருந்தும் கட்டம். U-வை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனால் M நிரையின் மூன்றாம் நிரல். அங்கிருந்து 1 இடப்பக்கமாகவே நம்மை இழுத்துக்கொண்டு போய் முதல் கட்டத்தில் M-இடம் சேர்க்கிறது. எடுத்த எழுத்துகள் வரிசையாக A, R, U, M. முடிவிலிருந்து தொடங்கி எடுத்ததால் இவை தலைகீழாக நிற்கின்றன. திருப்பிப் போட்டால் MURA. தற்செயலாக ARUM என்பதும் படிக்க ஏதோ ஒரு சொல் மாதிரி இருப்பதால், திருப்ப மறந்தவர் சந்தேகமே படாமல் அதையே விடையாக எழுதிவிட்டுப் போகலாம். எழுதிய விடையை இரண்டு சொல்லிலும் விரல் வைத்துத் தேடிப் பார்ப்பதற்கு ஐந்து விநாடி ஆகும். MUDRA-வில் A-க்குப் பிறகு R-ஐத் தேடும்போதே தெரிந்துவிடும்.

அந்தச் சமநிலையில் மேலே போகாமல் இடப்பக்கம் போயிருந்தால் D-யும் D-யும் பொருந்தும் கட்டம் வந்திருக்கும். D-யை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனால் U நிரை, A நிரல். அங்கே எண் 1, மேலேயும் 1, இடப்பக்கமும் 1. மறுபடி சமநிலை. ஆனால் இந்த முறை எந்தப் பக்கம் போனாலும் போய்ச் சேருவது அதே M-தான். விடை MDRA.

ஆக, இந்த அட்டவணையில் திரும்பி நடக்க மூன்று பாதை, கிடைப்பது இரண்டு சொல். இந்த வேறுபாட்டை மறந்தால் மதிப்பெண் போகும். 2014-ஆம் ஆண்டு கேட் தேர்வின் கணினி அறிவியல் தாள் ஒன்றில் qpqrr, pqprqrp என்ற இரண்டு சரங்களைக் கொடுத்து, எல்சிஎஸ் நீளம் x, அப்படிப்பட்ட துணைவரிசைகளின் எண்ணிக்கை y, x + 10y எவ்வளவு என்று கேட்டார்கள். நீளம் 4. சொற்கள் qpqr, qprr, pqrr என்று மூன்று. விடை 34. பாதைகளை எண்ணினால் இந்த y வராது. சமநிலை வரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கிளையையும் பென்சிலால் வரைந்து, கடைசியில் கிடைத்த சொற்களை எழுதி, திரும்ப வந்தவற்றை அடித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

கிளைகளைக் குறைக்க ஒரு வழியும் உண்டு. எழுத்து பொருந்தும் கட்டத்தில், மேலேயும் இடப்பக்கமும் அதே எண் நின்றாலும், கிளை பிரிக்கத் தேவையில்லை. மூலைக்கு மட்டும் போனால் போதும். காரணம் எளிது. அந்தக் கட்டத்தின் எல்லா நீண்ட துணைவரிசைகளும் பொருந்திய அந்த எழுத்தில்தான் முடிந்தாக வேண்டும். முடியாத ஒன்று இருந்தால், அதன் வாலில் அந்த எழுத்தை ஒட்டி இன்னும் நீளமாக்கிவிடலாமே. அப்படியானால் முதலில் இருந்தது மிக நீண்டதே அல்ல. எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் qpqrr போன்ற சரங்களில் இந்த ஒரு விதி பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

திரும்பி நடப்பதில் அடிக்கடி நடக்கும் இன்னொரு சறுக்கலையும் பார்த்துவிடலாம். சமநிலைக் கட்டத்தில் குழம்பி, மேலேயும் போகாமல் இடப்பக்கமும் போகாமல், குறுக்கே மூலைக்குத் தாவிவிடுவது. நம் D-U கட்டத்திலிருந்து மூலைக்குத் தாவினால் அங்கே எண் 1. எழுத்தே எடுக்காமல் ஓர் எண்ணைத் தொலைத்துவிட்டோம். கடைசியில் கிடைப்பது MRA, மூன்றே எழுத்து. எண் குறையும் ஒவ்வொரு முறையும் கையில் ஓர் எழுத்து வந்திருக்க வேண்டும். எழுத்து வராமல் எண் குறைந்தால் தப்பான படியில் கால் வைத்திருக்கிறீர்கள். மூலையில் 4 என்று அட்டவணை சொல்ல, கையில் மூன்று எழுத்து இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கணினி நிரலாக எழுதச் சொன்னால் கையால் செய்த அதையே எழுதுங்கள். அட்டவணை dp-யில் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பைத்தானில் இவ்வளவுதான்:

```
i, j = len(x), len(y)
out = []
while i > 0 and j > 0:
    if x[i-1] == y[j-1]:
        out.append(x[i-1])
        i, j = i-1, j-1
    elif dp[i-1][j] >= dp[i][j-1]:
        i -= 1
    else:
        j -= 1
print("".join(reversed(out)))
```

சுழிய நிரை ஒன்று கூடுதலாக இருப்பதால் அட்டவணையின் i-ஆம் நிரைக்குரிய எழுத்து `x[i-1]`. இதை `x[i]` என்று எழுதிவிடுவது பலருக்கும் நேர்வது. சமநிலையை முடிவு செய்வது `>=` என்ற குறி. MUDRA x-ஆகவும் MADURAI y-ஆகவும் இருக்கும்போது இது மேலே போகச் சொல்லும், MURA அச்சாகும். `>` என்று மாற்றினால் MDRA. குறியை மாற்றாமல் x, y இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் MDRA-தான். பக்கத்து மேசைக்காரர் நிரல் வேறு விடை தருகிறதே என்று பயப்படும் முன், இந்தக் குறியையும் சொற்களின் வரிசையையும் பாருங்கள். நேர்முகத்தில் நீங்களே முந்திக்கொண்டு, "சமநிலை வந்தால் மேலே போகிறேன், இன்னொரு சரியான விடையும் உண்டு" என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்கு நீங்களே பாதி பதிலளித்துவிட்டீர்கள்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் நினைவகத்தைப் பற்றியது. ஒரு நிரையை நிரப்ப அதற்கு முந்தைய நிரை மட்டும் போதும், எனவே இரண்டு நிரைகளை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடலாம் என்பது எல்லோரும் சொல்லும் பதில். நீளம் மட்டும் வேண்டுமென்றால் அது சரி. தலா 10,000 வரியுள்ள இரண்டு கோப்புகளுக்கு முழு அட்டவணை 10 கோடிக் கட்டம். கட்டத்துக்கு 4 பைட் என்றால் 40 கோடி பைட். இரண்டு நிரை என்றால் 80,000 பைட்டில் முடிந்துவிடும். ஆனால் அழித்த நிரைகளோடு திரும்பி நடக்கும் பாதையும் அழிந்துவிடுகிறது. "அப்போது எழுத்துகளை எப்படி எடுப்பீர்கள்?" என்று கேட்டால் சொல்ல வேண்டிய பெயர் ஹிர்ஷ்பெர்க். ஒரு சொல்லைப் பாதியாக வெட்டி, மேல்பாதியை முன்னிருந்தும் கீழ்ப்பாதியை வாலிலிருந்தும் நிரப்பி, பாதை நடுக்கோட்டை எந்த நிரலில் கடக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் அதையே திரும்பச் செய்யும் முறையை அவர் 1975-இல் வெளியிட்டார். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், நினைவகம் ஒரு நிரையளவிலேயே நிற்கும். முழு நிரலை யாரும் பலகையில் எழுதச் சொல்வதில்லை. பெயரும் இந்தக் கருத்தும் தெரிந்தால் போதும்.

வேலைக்குச் சேர்ந்தபின் இதே சமநிலை `git diff`-இல் தினமும் எதிர்ப்படும். அங்கே ஒரு வரி முழுதும் ஓர் எழுத்தாக எண்ணப்படுகிறது. கிட் இயல்பாகப் பயன்படுத்துவது மையர்ஸ் 1986-இல் வெளியிட்ட முறை. முழு அட்டவணையையும் நிரப்பாமல் தேவையான ஓரத்தை மட்டும் தொடுவதால் அது வேகமானது. ஆனாலும் தேடுவது இதே பொதுத் துணைவரிசையைத்தான். இரண்டு வரிகளை முன்பின் மாற்றிவைத்தால், அவற்றில் ஒன்று அசையாமல் நின்றதாகவும் இன்னொன்று ஓரிடத்தில் நீங்கி வேறிடத்தில் புதிதாக முளைத்ததாகவும் கழித்தல், கூட்டல் குறிகளோடு தெரியும். நம் U-வும் D-யும் பட்ட பாடுதான். எந்த வரி நின்றதாகக் காட்டப்படும் என்பது சமநிலையை எப்படி உடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே உள்ள நிரலுக்கு மதுரை, முத்ரா என்று தமிழிலேயே கொடுத்தால் என்ன ஆகும்? பைத்தான் எழுத்துகளை எண்ணுவதில்லை, யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. `len("மதுரை")` என்றால் 5 வரும்: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. முத்ரா 6: ம, உகரக் குறி, த, புள்ளி, ர, ஆகாரக் குறி. இதற்கு அட்டவணை போட்டால் நீளம் 3 வருகிறது. சமநிலையில் ஒரு பக்கம் போனால் "மதர", இன்னொரு பக்கம் போனால் "முர". மதுரையில் மு எங்கே இருக்கிறது? இல்லை. து-வின் உகரக் குறி, இடையில் இருந்த த அடிபட்டதும் முன்னால் நின்ற ம-வோடு போய் ஒட்டிக்கொண்டது.

எழுத்தாக எண்ணினால் ஒரு பக்கம் ம, து, ரை; மறுபக்கம் மு, த், ரா. பொதுவானது ஒன்றுகூட இல்லை, விடை 0. இரண்டில் எது வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது, ஆனால் முர என்று ஒரு சொல்லைப் பயனருக்குக் காட்டுவது எந்த வேலைக்கும் ஆகாது. தனியாக நிறுவக்கூடிய `regex` தொகுப்பைக் கொண்டு முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொண்டால் போதும்:

```
import regex
x = regex.findall(r"\X", "மதுரை")
y = regex.findall(r"\X", "முத்ரா")
```

இப்போது x, y இரண்டும் பட்டியல்கள். அட்டவணை நிரப்பும் நிரலிலோ திரும்பி நடக்கும் நிரலிலோ ஒரு வரியும் மாற்ற வேண்டாம். அட்டவணை முழுக்கச் சுழியமாக இருக்கும், அச்சாவது வெற்று வரி.